பொட்டாசியம் இப்ப ஓகே

"பொட்டாசியம் கொஞ்சம் கரைச்சல் குடுத்தது. கலிபிரேட் பண்ணியாச்சு. இப்ப ஓகே. ரெண்டு ரிப்பீட் வரும்."

நைட் டியூட்டி தொடங்கிய முதல் வருடத்தில் காலைக் குழுவுக்கு நாங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பு இது. எழுதியது ஆங்கிலத்தில்தான். காலையில் வருபவர்களில் சிங்களம் கதைக்கிறவர்களும் இருப்பதால் ஆய்வுகூடக் கொப்பி எப்போதும் ஆங்கிலம். தமிழில் சொன்னால் மேலே உள்ளதுதான் அதன் சாரம். எழுதிவிட்டு ஏழு மணிக்கு பஸ் எடுத்து வீட்டுக்குப் போய் நல்ல நித்திரை கொண்டோம்.

அடுத்த நாள் பின்னேரம் வந்தபோது இன்சார்ஜ் அக்கா அந்தக் கொப்பியை விரித்து மேசையில் வைத்திருந்தா. ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"கரைச்சல் எண்டால் என்ன கரைச்சல்? எத்தினை மணிக்கு? அதுக்கு முதல் விட்ட றிப்போட்டுகள் சரியோ? ரெண்டு ரிப்பீட் ஆற்ற?"

நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு ரிப்பீட்டில் ஒன்று காலை எட்டே காலுக்கு வந்திருக்கிறது. கிளினிக் நாள். அறுபது எழுபது ரியூப்களுக்கு நடுவில் அதுவும் ஒரு ரியூப். இரவு முழுக்க வார்ட் காத்திருந்த சாம்பிள் அது என்று காலையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. வரிசையில் கிடந்து பதினொன்றரைக்குத்தான் றிப்போட் போயிருக்கிறது. அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அது எங்கள் குறிப்பின் புண்ணியத்தால் அல்ல.

இதைச் சொல்லிவிட்டுத்தான் போன மழைக்காலத்து இரவொன்றைப் பற்றி எழுத வேண்டும். அன்றைக்கும் அதே பொட்டாசியம். அதே "இப்ப ஓகே"யையும் கிட்டத்தட்ட எழுதியே விட்டோம்.

ஆய்வுகூடம் பக்கம் வராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இரத்தத்தில் பொட்டாசியம் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மிகவும் கூடினாலும் மிகவும் குறைந்தாலும் இதயத்தின் துடிப்பு குழம்பும். அதனால்தான் இரவு இரண்டு மணிக்கும் வார்டிலிருந்து கேட்பார்கள். மெஷினுக்குள் பொட்டாசியத்துக்கென்று ஒரு எலெக்ட்ரோட் இருக்கிறது. சீரம் அதைத் தொடும்போது சில மில்லிவோல்ட் உண்டாகும், மெஷின் அதை எண்ணாக மாற்றும். எந்த மில்லிவோல்டுக்கு எந்த எண் என்று அதற்குப் படிப்பிப்பதுதான் கலிபிரேஷன். படித்தது சரியா என்று பரீட்சை வைப்பதுதான் கொன்ட்ரோல். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு திரவத்தைக் கொடுத்து, என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

எங்கள் கொன்ட்ரோல் இரண்டு மட்டம். ஒன்று 4.0 சொல்ல வேண்டும், மற்றது 6.2. முதலாவதில் 0.1, இரண்டாவதில் 0.15 நியம விலகல். அன்று இரவு ஏழரைக்கு 4.0, 6.2 என்று அச்சொட்டாக வந்தது. நாங்கள் இரண்டு பேர். வெளியில் மழை. காய்ச்சல் காலம் என்பதால் எஃப்.பி.சி சாம்பிள்கள்தான் மலைபோல வந்தன. எலெக்ட்ரோலைட் இடையிடையே. அடுத்த கொன்ட்ரோல் காலை ஆறு மணிக்கு என்பது வழக்கம்.

பன்னிரண்டு மணி வரை ஒழுங்காக வேலை செய்தோம். சுழற்றிய ரியூப்பிலிருந்து சீரத்தை எடுத்து சின்னக் கப்பில் ஊற்றி மூடி வைத்துத்தான் மெஷினுக்குக் கொடுத்தோம். பன்னிரண்டுக்குப் பிறகு களைத்துவிட்டோம். ஊற்றாமல் ரியூப்பையே நேரே மெஷினில் வைத்தோம். இந்தச் சோம்பல் பிறகு வந்து கழுத்தைப் பிடித்தது.

ஒன்று இருபதுக்கு இரவின் பத்தாவது எலெக்ட்ரோலைட் சாம்பிள். பொட்டாசியம் 9.4. அந்த எண்ணோடு ஒருவர் கட்டிலில் எழும்பி இருந்து கதைப்பது கஷ்டம். வார்டுக்குப் போன் எடுத்தால் ஆள் எழும்பி இருந்து தண்ணி கேட்கிறாராம். உடனே அதே சீரத்தில் கல்சியம் பார்த்தோம்: 1.2. குறைந்தது 2.1 இருக்க வேண்டும். அல்கலைன் பொஸ்பற்றேஸும் நிலத்தோடு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கதை விளங்கிவிடும். ஊதா மூடி ரியூப்பில் இரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது பொட்டாசியம் சேர்ந்த ஈ.டி.ரி.ஏ. அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யாரோ அவசரத்தில் ஊதா மூடிக்குள் கூட விட்ட இரத்தத்தைச் சாதாரண ரியூப்புக்குள் திருப்பி ஊற்றியிருக்கிறார்கள். பொட்டாசியம் ரியூப்பில் இருந்தது, மனிதரில் இல்லை. றிப்போட் விடவில்லை. மிஸிக்குச் சொல்லிப் புதுச் சாம்பிள் கேட்டோம்.

அந்தக் கண்டுபிடிப்பில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமைதான் அடுத்த இரண்டு மணித்தியாலமும் கண்ணை மறைத்தது. பொட்டாசியம் கூட வந்தால் சாம்பிளில்தான் பிழை என்று மனம் தீர்மானித்துவிட்டது.

இரண்டரைக்கு பன்னிரண்டாவது சாம்பிள் 5.4. மூன்றுக்குக் கிட்ட பதின்மூன்றாவது 5.6. இரண்டும் விட்டோம். மூன்று இருபதுக்குப் பதினான்காவது 5.3. எங்களில் இளையவன் பிளேன்ரீயோடு வந்து திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணை, இண்டைக்கு ஊர் முழுக்கப் பொட்டாசியம் கூடிப்போச்சோ?"

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் மூன்று வெவ்வேறு வார்ட், மூன்று வெவ்வேறு வருத்தம், ஒரு சீரத்திலும் சிவப்பு இல்லை. சிவப்பணு உடைந்து பொட்டாசியம் கசிந்திருந்தால் சீரம் சிவந்திருக்கும். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஏறியிருக்க நியாயம் இல்லை. பதினான்காவதை விடாமல் நிறுத்திவிட்டு, மூன்று நாற்பதுக்குக் கொன்ட்ரோல் போட்டோம். 4.5. மற்றது 6.9.

ஒரு மட்டம் மட்டும் விலகியிருந்தால் குமிழி, கொன்ட்ரோல் சரியாகக் கலக்கவில்லை என்று ஏதாவது சொல்லலாம். இரண்டும் ஒரே பக்கம், இரண்டும் நான்கு ஐந்து நியம விலகலுக்கு மேல். இது தற்செயல் அல்ல, எலெக்ட்ரோட் ஒழுங்காக ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. வெஸ்ட்காட் 1981இல் எழுதிய விதிகளைக் கம்பசில் மனப்பாடம் செய்தபோது இவ்வளவு நித்திரைவெறியில் பயன்படுமென்று நினைக்கவில்லை. சோடியம் கொன்ட்ரோல் சரியாக இருந்தது. எல்லா எலெக்ட்ரோட்டுகளும் ஒப்பிடும் பொதுவான அந்த ஒன்றில் பிழை என்றால் சோடியமும் சேர்ந்து கெட்டிருக்கும். ஆகவே பொட்டாசியம் எலெக்ட்ரோட் தனியாகத்தான் களைத்திருக்கிறது.

கழுவும் திரவம் கொடுத்துக் கழுவினோம். கலிபிரேட் செய்தோம், முதல்தரம் ஏற்கவில்லை. இரண்டாந்தரம் ஏற்றது. ஆனால் அந்த எலெக்ட்ரோட்டின் சரிவு எண் அனுமதித்த எல்லையின் ஆக அடியில் நின்றது. நாலு இருபத்தைந்துக்குக் கொன்ட்ரோல் 4.1, 6.3. பாஸ்.

இனித்தான் உண்மையான வேலை. கடைசியாக நம்பக்கூடிய கொன்ட்ரோல் இரவு ஏழரைக்கு. பிழை என்று தெரிந்தது மூன்று நாற்பதுக்கு. இடையில் பன்னிரண்டு றிப்போட்டுகள் வெளியில் போய்விட்டன. அதில் எது சரி, எது பிழை? பின்னாலிருந்து முன்னுக்குப் போனோம். பதினான்காவது 4.7. அதைத்தான் அவருக்கு விட்டோம். பதின்மூன்றாவது 5.6 அல்ல, 5.0. பன்னிரண்டாவது 5.4 அல்ல, 4.8. பிறகு ஏழும் எட்டும்: 4.0 அப்படியே 4.0, 4.2 இருந்தது 4.1. ஆறாவதும் மாறவில்லை, 3.9. எட்டாவது சாம்பிள் ஓடியது பதினொன்று நாற்பதுக்கு. ஆகவே நகரத் தொடங்கியது அதற்குப் பிறகு.

கவனித்திருப்பீர்கள், பதினொன்றையும் ஒன்பதையும் தாண்டிவிட்டோம். அவை இரண்டும் கப்பில் ஊற்றாதவை. சீரம் உறைந்த இரத்தத்தின் மேலேயே நிற்க, இரண்டே காலுக்கு ராக்கோடு பிரிட்ஜில் வைத்துவிட்டோம். சாம்பிள் பிரிட்ஜில் இருக்கிறது என்றால் பத்திரமாக இருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். பொட்டாசியத்துக்கு அது மறுவளம். செல்லுக்குள் பொட்டாசியத்தை இழுத்து வைத்திருக்கும் பம்ப் குளிரில் வேலை செய்யாது. பொட்டாசியம் மெல்ல மெல்லச் சீரத்துக்குள் கசியும். அந்த இரண்டு ரியூப்பையும் இப்போது திருப்பி ஓட்டினால், மெஷினின் பிழை போய்ப் பிரிட்ஜின் பிழை வரும்.

பதினொன்று பரவாயில்லை. 4.6 என்று விட்டது, உண்மையில் 4.2 ஆக இருந்தாலும் ஒன்றும் மாறாது. ஒன்பதுதான் வயிற்றைக் கலக்கியது. பெண்கள் வார்டில் இரண்டு நாளாக வாந்தியும் வயிற்றோட்டமுமாக இருந்த ஒரு அம்மா. பன்னிரண்டு ஐம்பதுக்கு 3.6 என்று விட்டோம். 3.6 நல்ல எண். டொக்டர் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். எலெக்ட்ரோட் அந்த நேரம் எவ்வளவு ஏறியிருந்தது என்று தெரியாது. கொஞ்சம் ஏறியிருந்தாலே உண்மை எண் 3.5க்குக் கீழே. பொட்டாசியம் கூட்டிக் காட்டும் மெஷின் என்றால் எல்லாரும் கூடின எண்களைத்தான் தேடுவார்கள். ஆபத்து சாதாரணமாகத் தெரிகிற எண்ணுக்குள் ஒளிந்திருந்தது.

வார்டுக்குப் போன் எடுத்து ஹவுஸ் ஒஃபிசரைக் கேட்டோம். "டொக்டர், அந்த 3.6ஐ நம்ப வேண்டாம், உண்மையில குறைவா இருக்கலாம். புதுச் சாம்பிள் ஒண்டு வேணும்." அவர் திருப்பிச் சொன்னார், நேரம் ஐந்து மணி ஐந்து. காலை இரத்தம் எடுக்கும்போது சேர்த்து எடுப்பதாகச் சொன்னார். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் திருத்திய எண்களைப் போனில் சொல்லி, கொப்பியில் பழைய எண்ணை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதியதையும் நேரத்தையும் எழுதினோம். பழையது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து யாராவது மருந்து கொடுத்திருந்தால் ஏன் கொடுத்தார்கள் என்று பிறகு விளங்க வேண்டுமே.

அப்போதே காலைக் குழுவுக்கான குறிப்பையும் எழுதத் தொடங்கினோம். அரைத் தூக்கம். முதல் வரி என்ன தெரியுமா? பொட்டாசியம் கொன்ட்ரோல் 3.40க்குப் பிழைத்தது, கழுவிக் கலிபிரேட் செய்தோம், இப்ப ஓகே. நேரம் போட்டிருந்தோம், எண் போட்டிருந்தோம், வளர்ந்துவிட்டோம் என்றுதான் நினைப்பு. ஐந்து இருபதுக்குப் பதினைந்தாவது சாம்பிள் வந்தது. 4.4. விட்டோம்.

ஆறு ஐந்துக்கு வழக்கமான காலைக் கொன்ட்ரோல். 4.3, 6.6. மறுபடியும் இரண்டும் ஒரே பக்கம், இரண்டுமே இரண்டு நியம விலகலுக்கு மேல்.

இளையவன் குறிப்பைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "ஓகேயை வெட்டுவமோ?"

"ஓகே" என்பது நாங்கள் கண்ட விஷயம் அல்ல. நாங்கள் கண்டது நாலு இருபத்தைந்துக்கு 4.1, 6.3 என்பதை மட்டும். அதற்குப் பிறகு மெஷின் எப்படி இருக்கும் என்பது எங்கள் ஆசை. வேறொரு பக்கத்தில் புதிதாகத் தொடங்கினோம், கண்டதையும் செய்ததையும் செய்யாததையும் மட்டும். அறிந்த ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறோம்.

"பொட்டாசியம் நிறுத்தப்பட்டுள்ளது. இந்த மெஷினில் ஓட்ட வேண்டாம். சோடியம், குளோரைட் கொன்ட்ரோல் 6.05க்குச் சரி, அவற்றை ஓட்டலாம்.

கொன்ட்ரோல்: 7.30க்கு 4.0, 6.2. 3.40க்கு 4.5, 6.9. கழுவிக் கலிபிரேட் செய்த பின் 4.25க்கு 4.1, 6.3. 6.05க்கு 4.3, 6.6. இரண்டு தரமும் மேல்நோக்கியே நகர்ந்தது. எலெக்ட்ரோட் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம், உறுதி இல்லை. புதியது அலுமாரியின் இரண்டாந் தட்டில் ஒன்று உள்ளது. மாற்றவில்லை."

"மாற்றவில்லை" என்று எழுத இளையவனுக்கு விருப்பமில்லை. வேலை செய்யாமல் விட்டோம் என்று ஒப்புக்கொள்வது போல இருக்கிறதாம். ஆனால் புது எலெக்ட்ரோட்டைப் போட்டவுடன் அது நிலைக்கு வர நேரம் வேண்டும். பிறகு கலிபிரேஷன், பிறகு கொன்ட்ரோல். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழுக்குப் பாதியில் விட்டுவிட்டுப் போவோம். பாதியில் நிற்கும் எலெக்ட்ரோட்டை விட, தொடவே இல்லை என்று தெரிந்த பழைய எலெக்ட்ரோட் காலைக் குழுவுக்கு நல்லது. அந்தக் காரணத்தையும் அரை வரியில் எழுதினோம்.

அடுத்தது வெளியில் போன றிப்போட்டுகள்.

"1 முதல் 8: பிரச்சினை இல்லை என்று கருதுகிறோம். 6, 7, 8 திருப்பி ஓட்டினோம், பொருந்தின. 1 முதல் 5 ஓட்டவில்லை. 12, 13 திருத்தப்பட்டு வார்டுக்குச் சொல்லப்பட்டது. 14 திருத்திய எண்ணே விடப்பட்டது. 15 (5.20க்கு 4.4) சந்தேகம். சீரம் கப்பில் உள்ளது, புது எலெக்ட்ரோட்டில் ஓட்டவும். வார்டுக்கு 6.20க்குச் சொல்லியுள்ளோம்."

இதில் ஒரு கேள்வி இருக்கிறது, எழுதும்போதே எங்களுக்குள் விவாதம் வந்தது. ஆறு ஐந்துக்குக் கொன்ட்ரோல் பிழைத்தது என்றால், நாலரையிலிருந்து திருப்பி ஓட்டிய எண்களும் பிழையாக இருக்கலாமே? அதற்கு விடை தற்செயலாக எங்கள் கையிலேயே இருந்தது. பின்னாலிருந்து முன்னுக்கு ஓட்டியதால் கடைசியாக ஓடியவை 8, 7, 6. அந்த மூன்றும் எலெக்ட்ரோட் நன்றாக இருந்த நேரம் முதல்தரம் ஓடியவை. நாலு ஐம்பதுக்கு அவை தங்கள் பழைய எண்களையே சொன்னதால், அதற்கு முன் ஓடிய 14, 13, 12 உம் நம்பக்கூடியவை. நகர்வு திரும்பத் தொடங்கியது நாலு ஐம்பதுக்குப் பிறகு. அதனால்தான் பதினைந்து மட்டும் பட்டியலில் சேர்ந்தது. திருப்பி ஓட்டிய ஒழுங்கையும் நேரத்தையும் எழுதியிராவிட்டால் இந்த முடிவுக்கு வேறொருவர் வந்திருக்க முடியாது, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டியிருப்பார்கள்.

"9, 11: பிரிட்ஜ் மேல்தட்டு, நீல ராக். சீரம் பிரிக்கப்படவில்லை. இவற்றில் பொட்டாசியம் திருப்பி ஓட்ட வேண்டாம். 9க்குப் புதுச் சாம்பிள் வரும், அவசரம். 3.6 நம்ப வேண்டாம் என்று ஹவுஸ் ஒஃபிசருக்கு 5.05க்குச் சொல்லப்பட்டது. 11க்கும் புதுச் சாம்பிள் கேட்டுள்ளோம், அவசரமில்லை."

"ஓட்ட வேண்டாம்" என்ற வரியின் கீழ் இரண்டு கோடு போட்டோம். காலையில் யாராவது நல்ல மனத்தோடு அந்த ரியூப்பை எடுத்துப் புது எலெக்ட்ரோட்டில் ஓட்டி, 4.1 வந்து, "பிரச்சினை இல்லை, குறையவில்லை" என்று வார்டுக்குச் சொல்லிவிடலாம். அப்படி நடந்தால் இரவின் பிழையை விட அது பெரிய பிழை.

"10: ஈ.டி.ரி.ஏ கலந்த சாம்பிள். பொட்டாசியம் 9.4, கல்சியம் 1.2. மெஷின் பிழை அல்ல. றிப்போட் விடவில்லை. 1.30க்கும் 4.55க்கும் புதுச் சாம்பிள் கேட்டோம். இன்னும் வரவில்லை. வராவிட்டால் 8 மணிக்கு மறுபடி கேட்கவும்."

"வரும்" என்று எழுதாமல் "வராவிட்டால் 8 மணிக்கு" என்று எழுதச் சொன்னது இளையவன். பழைய குறிப்பின் கதை அவனுக்குத் தெரியாது. அவன் வருவதற்கு முந்தைய கதை. தானாகவே தோன்றியிருக்கிறது.

"அவசரப் பொட்டாசியம்: ஹெப்பரின் சிரிஞ்சில் ஐ.சி.யூ பிளட் காஸ் மெஷினுக்கு அனுப்பும்படி வார்டுகளுக்கு 6.15க்குச் சொன்னோம்." அது முழு இரத்தத்தில் அளப்பது. எண் எங்கள் சீரம் எண்ணை விடக் கொஞ்சம் குறைவாக வரலாம், ஏனென்றால் இரத்தம் உறையும்போது கொஞ்சப் பொட்டாசியம் வெளியில் வரும். அதோடு, செல் உடைந்திருந்தாலும் முழு இரத்தத்தில் சிவப்பு தெரியாது. எதிர்பாராமல் கூடின எண் வந்தால் மிச்ச இரத்தத்தைச் சுழற்றிப் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்தோம்.

மெஷின் கதையில் மூழ்கி எஃப்.பி.சி பக்கம் ஒன்றை மறக்கப் பார்த்தோம். காய்ச்சலோடு இருந்த ஒரு பிள்ளை, பின்னேரம் பிளேற்லெட் 138 ஆயிரம், அதிகாலையில் மெஷின் சொன்னது 41. டெங்குக் காலத்தில் அந்த எண்ணை வார்ட் மூன்றுதரம் போனில் கேட்டது. ஆனால் மெஷின் பிளேற்லெட் கட்டியாகச் சேர்ந்திருக்கலாம் என்று கொடி காட்டியிருந்தது. கட்டியை மெஷின் பிளேற்லெட்டாக எண்ணாது, எண்ணிக்கை பொய்யாகக் குறையும். "இன்னும் உறுதியில்லை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். ஸ்லைட் இழுத்துக் காயவிட்டிருந்தோம், நிறமூட்டவில்லை. அதையும் அப்படியே எழுதினோம்: ஸ்லைட் நிறமூட்டும் தட்டின் இடப்பக்கம், பெயர் பென்சிலால், நிறமூட்டவில்லை, பார்க்கவில்லை, 41 விடப்படவில்லை, கட்டி இருந்தால் சிற்றேற் ரியூப்பில் புதுச் சாம்பிள் எடுத்து எண்ணிக்கையை 1.1 ஆல் பெருக்கவும். நீலமூடி ரியூப்பில் இருக்கும் திரவம் இரத்தத்தை அந்த அளவு ஐதாக்கும்.

ஒரு பக்கமும் கொஞ்சமும் வந்தது. எல்லாவற்றிலும் மேலே, பெட்டி கீறி, மூன்று வரி: பொட்டாசியம் நிறுத்தம், 9 அவசரம், பிள்ளையின் ஸ்லைட் அவசரம். ஏழு மணிக்கு வருபவர் குடையைக்கூட மடக்காமல் வாசிப்பது அந்தப் பெட்டியைத்தான். மிச்சத்தை இருந்து வாசிப்பார்.

இன்சார்ஜ் அக்கா ஆறு ஐம்பதுக்கே வந்துவிட்டா. நனைந்த செருப்போடு நின்றபடி பெட்டியை வாசித்தா, பிறகு கதிரையை இழுத்து முழுவதையும் வாசித்தா. நாங்கள் பரீட்சை மண்டபத்தில் நிற்பது போல நின்றோம்.

"1இல இருந்து 5 வரைக்கும் ஏன் ஓட்டேல்ல?"

"6, 7, 8 பொருந்தினது அக்கா. அதுகளுக்கு முந்தினதுதானே."

"அதை எழுதுங்கோ. நான் உங்களிட்டக் கேக்கலாம். நீங்கள் போன பிறகு ஆரிட்டக் கேக்கிறது?"

எழுதினோம். அவ பேனையை வாங்கி, நிறமூட்டும் தட்டின் பக்கம் போனா. பிள்ளையின் ஸ்லைட்டில்தான் முதலில் கை வைத்தா. நாங்கள் பையை எடுத்தோம்.

ஒன்பது நாற்பதுக்கு வட்ஸ்அப்பில் அக்காவின் செய்தி. நாங்கள் பார்த்தது பின்னேரம் மூன்று மணிக்கு, எழும்பி.

"9 ஐ.சி.யூ மெஷினில 3.1. சேலைனோட பொட்டாசியம் போடுகினம். பிள்ளைக்குக் கட்டிதான், சிற்றேற்றில 126. எலெக்ட்ரோட் மாத்தியாச்சு, கொன்ட்ரோல் 9.15க்கு 4.0, 6.2. 15 சரி, 4.3. 10 எட்டு மணிக்கும் கேட்டம், இன்னும் வரேல்ல."